நெருங்கிய நண்பனுக்கு வார்னிங் லெட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தக் கடிதத்தை நிஜமாகவே நீங்கள்தான் எழுதினீர்களா?

ஆமாம். கையெழுத்தும் என்னுடையதுதான். புதிதாக டீம் லீட் ஆகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து தயங்கித் தயங்கி இதைக் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

கேட்பவர்கள் மரியாதையாக "அவர்" என்கிறார்கள். எனக்கு அவன் அவன்தான். பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நைட் ஷிப்டில் சர்வர் படுத்துவிட்டால் முதலில் எதைத் தொடக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் என்னை மேனேஜராக்கினார்கள், அவனை ஆக்கவில்லை. அன்றைக்கு எனக்காக அவன்தான் எல்லோரையும் கூப்பிட்டுச் சந்தோஷப்பட்டான். என் வீட்டு மாற்றுச் சாவி அவன் சாவிக்கொத்தில் இருக்கிறது. நெருக்கம் என்றால் எவ்வளவு நெருக்கம் என்று கேட்பவர்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

அவர் செய்த தப்புதான் என்ன?

பார்க்காமல் டிக் போட்டான்.

எங்கள் டீமின் வேலை சர்வர்களைக் கவனிப்பது. ராத்திரி பேக்கப் ஓடி முடிந்ததும், ஷிப்டில் இருப்பவர் பேக்கப் சர்வருக்குள் போய் ஒரு பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். மொத்தம் 12 வரி. வேலை முடிந்ததா, ஃபைலின் அளவு நேற்றைய அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, டிஸ்கில் இடம் இருக்கிறதா என்கிற மாதிரி. நிதானமாகச் செய்தால் அரை மணி நேரம் ஆகும்.

ஏப்ரல் 3 முதல் 9 வரை தொடர்ந்து ஏழு இரவுகள் அவன் ஷிப்ட். 3ஆம் தேதி ராத்திரியே டிஸ்க் நிறைந்துவிட்டது. பேக்கப் மென்பொருள் இதை "தோல்வி" என்று காட்டியிருந்தால் அலாரம் அடித்திருக்கும். அது "முடிந்தது, சில எச்சரிக்கைகளுடன்" என்று காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. ஃபைலின் அளவைப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும், ஏனென்றால் ஃபைலில் ஒன்றுமே இல்லை. மனிதர் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வைத்திருப்பதே இதற்காகத்தான்.

10ஆம் தேதி காலை கணக்குப் பிரிவில் ஒருவர் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டு, எடுத்துத் தரச் சொல்லி வந்தார். தேடினால் 2ஆம் தேதிக்கு அப்புறம் உருப்படியான பேக்கப் எதுவுமே இல்லை. ஒரு வார வேலையை இரண்டு பேர் மூன்று நாள் உட்கார்ந்து மறுபடி அடித்தார்கள்.

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஏழு நாளும் 12 டிக் இருந்தது. ஒவ்வொரு நாளும் பன்னிரண்டுமே ஒரே நிமிடத்துக்குள், ஷிப்ட் முடிகிற நேரத்தில் விழுந்திருந்தன. பேக்கப் சர்வரின் லாகில் அந்த ஏழு இரவும் அவன் கணக்கிலிருந்து ஒரு தடவைகூட லாகின் இல்லை.

அதுவரை உங்களுக்குச் சந்தேகமே வரவில்லையா?

வந்தது. ஜனவரியிலேயே இரண்டு தடவை டிக்குகள் கொத்தாக விழுந்திருந்ததைப் பார்த்தேன். மாடிப்படியில் இறங்கும்போது, "டேய், பாத்துட்டுத்தான் டிக் போடறியா?" என்று கேட்டேன். "பாக்கறேன்டா" என்றான். அதோடு வேறு பேச்சுக்குப் போய்விட்டோம்.

நான் என் மனதுக்குள் அதை ஓர் எச்சரிக்கை என்றே கணக்கு வைத்திருந்தேன். ஏப்ரலில் எச்ஆரில் உட்கார்ந்து "ஏற்கெனவே ஜனவரியில வாயால சொல்லியிருக்கேன்" என்றபோது, அந்த அம்மா பேனாவை எடுத்துக்கொண்டு, "தேதி?" என்றார். தெரியாது. "யாராவது கூட இருந்தாங்களா?" இல்லை. "அப்புறம் ஒரு மெயிலாவது போட்டீங்களா?" போடவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கடிதத்தில் ஜனவரி வரவே கூடாது என்றார். குறிப்பு இல்லாத பேச்சு எச்சரிக்கையாகாது, அதை எழுதினால் அவன் மறுக்கலாம், மறுத்தால் மீதிக் கடிதமும் சந்தேகத்துக்குள்ளாகும்.

வாய்மொழி எச்சரிக்கை என்றாலும், பேசி முடித்த அன்றைக்கே நான்கு வரி எழுதி, "நாம் பேசியது இதுதான்" என்று அவருக்கும் அனுப்ப வேண்டும். மற்றவர்கள் விஷயத்தில் நான் அதைத் தவறாமல் செய்திருக்கிறேன். நண்பனுக்கு மெயில் போடுவது அவமானப்படுத்துவது மாதிரி இருந்தது.

வேறு யாரையாவது எழுதச் சொல்லியிருக்கலாமே?

கேட்டேன். அன்று மதியமே என் மேலதிகாரிக்கு இரண்டு வரி எழுதினேன்: "இவர் என் நெருங்கிய நண்பர். இதை விசாரிப்பது நானாக இருக்கக் கூடாது." இந்த இரண்டு வரியை எந்த ஆதாரத்தையும் தொடுவதற்கு முன்னால் எழுத வேண்டும். நானோ பட்டியலையும் லாகையும் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். அதற்காகவே லாகை வேறொரு டீம் லீட் முதலிலிருந்து மறுபடி எடுத்தார்.

முடிவில் வேலையை மூன்றாகப் பிரித்தார்கள். நடந்தது என்ன என்று கண்டுபிடிப்பது அந்த இன்னொரு டீம் லீட். என்ன நடவடிக்கை என்று தீர்மானிப்பது என் மேலதிகாரி. கடிதத்தை எழுதிக் கொடுப்பதும் அப்புறம் அவன் வேலையைக் கவனிப்பதும் நான். நான் முகம் சுளித்தேன். மேலதிகாரி, "நாளைக்கு அவர் உங்ககிட்டத்தானே வேலை பாக்கப் போறாரு? என்ன எதிர்பாக்கறோம்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. தீர்ப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டதில் எனக்கு உள்ளூர ஆறுதல்தான், மறைக்கவில்லை.

வாயால் சொல்லி முடித்திருக்கக் கூடாதா?

அதைத்தான் நானும் கேட்டேன். எச்ஆர் அம்மா கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். போன வருடம் ஆகஸ்டில் எங்கள் டீமிலேயே ஒரு பையன், சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாதவன், மூன்று இரவு இதே மாதிரி பார்க்காமல் டிக் போட்டிருந்தான். எந்தத் தகவலும் போகவில்லை. அவனுக்கு எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை கொடுத்திருந்தோம். கீழே என் கையெழுத்து இருந்தது.

ஏழு இரவு, தகவல் இழப்பு, பதினான்கு வருட அனுபவம். இதற்கு அதைவிடக் குறைவாக எதையாவது கொடுத்தால் அந்தப் பையன் வந்து "ஏன்?" என்று கேட்பான். அவனிடம் சொல்ல எனக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கும், அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

கடிதத்துக்கு முன்னால் அவரிடம் விளக்கம் கேட்டீர்களா?

கேட்காமல் கொடுக்கவே கூடாது. லாகில் இருந்ததை அப்படியே இணைத்து, மூன்று வேலை நாளுக்குள் எழுத்தில் பதில் தரச் சொல்லி நோட்டீஸ் போனது. அதை அனுப்பியது அந்த இன்னொரு டீம் லீட். இந்தக் கட்டத்தில் நோட்டீஸில் "தவறு செய்துள்ளீர்கள்" என்று எழுதக் கூடாது. "பதிவுகள் இப்படிக் காட்டுகின்றன, உங்கள் விளக்கம் என்ன?" என்பதோடு நிறுத்த வேண்டும். லாகிலும் தப்பு இருக்கலாம், வேறொரு கணக்கிலிருந்து உள்ளே போயிருக்கலாம், யாருக்குத் தெரியும்.

அவன் பதில் ஏப்ரல் 17 தேதியில் வந்தது. மூன்றே வாக்கியம். "டிக் போட்டது நான்தான். பார்க்கவில்லை. வேறு சொல்வதற்கு ஒன்றும் இல்லை."

ஏன் பார்க்கவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா?

தெரியும். மார்ச்சில் அவன் வீட்டை விட்டுத் தனியாக வந்துவிட்டான். அவன் பெட்டிகளைத் தூக்கி மாடியேற்றியது நான். ராத்திரி ஷிப்டில் அவன் எதையும் பார்க்காமல் சும்மா உட்கார்ந்திருப்பான் என்று அப்போதே என்னால் ஊகிக்க முடிந்திருக்கும். ஊகிக்கவில்லை.

கடிதத்தில் இதைச் சேர்க்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கூடாது. நண்பனாக எனக்குத் தெரிந்தது அது. மேனேஜருக்கு அவன் சொல்லவில்லை. அவன் அனுமதி இல்லாமல் அதை ஒரு ஃபைலில் ஏற்றினால், அவன் நன்மைக்காகத்தான் என்றாலும், அது அவனைக் காட்டிக் கொடுப்பதுதான். எச்ஆர் அம்மா என்னிடம் நேராகவே கேட்டார், "சொந்தப் பிரச்சினை ஏதாவது?" என்று. "அவரைக் கேளுங்க" என்றேன். தெரியாது என்று பொய் சொல்லாமல் தப்பிக்க எனக்குக் கிடைத்த ஒரே வாக்கியம் அதுதான்.

அன்று சாயங்காலம் அவனைத் தனியாகப் பிடித்து, "நீயே எச்ஆர்ல சொல்லு. ஷிப்ட் மாத்தலாம், லீவு இருக்கு, கவுன்சலிங் இருக்கு. நான் சொல்ல முடியாது" என்றேன். "சொன்னா லெட்டர் வராதா?" என்று கேட்டான். "வரும். ஆனா கூடவே வேற உதவியும் வரும்" என்றேன். போய்விட்டான். சொல்லவில்லை, அப்போது.

கடிதம் எழுத எவ்வளவு நேரம் ஆனது?

ஐந்து நாள். ஒன்றரைப் பக்கத்துக்கு.

முதல் வரைவு மூன்று பக்கம் வந்தது. "தங்களுடைய பதினான்கு ஆண்டு காலச் சிறப்பான சேவையை நிர்வாகம் நன்கு அறியும்" என்று ஆரம்பித்தேன். குற்றம் இரண்டாம் பக்கத்தின் பாதியில்தான் வந்தது, அதுவும் "சில சரிபார்ப்புகளில் சிறு கவனக்குறைவு" என்று. எச்ஆர் அம்மா பென்சிலை எடுத்து அந்த "சில"வையும் "சிறு"வையும் வட்டமிட்டார். "ஏழு நாள், பன்னிரண்டு வரி. எண்பத்துநாலு டிக். இது சிலவா?" என்றார். அதோடு, இப்படி மெத்தென்று எழுதுவது அவனுக்கே ஆபத்து என்றும் சொன்னார். என்ன செய்தோம், எதைத் திருத்த வேண்டும் என்று படிப்பவனுக்கே புரியாது. நாளைக்கு இதே தப்பு மறுபடி நடந்து அடுத்த கட்டத்துக்குப் போனால், "எனக்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லையே" என்பான், அதிலும் நியாயம் இருக்கும்.

ரோஷத்தில் இரண்டாவது வரைவை நேரெதிராக எழுதினேன். "மன்னிக்க முடியாத அலட்சியம்", "பொறுப்பின்மையின் உச்சம்", "நம்பிக்கைத் துரோகம்". அதைப் படித்துவிட்டு அவர் நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். "இது யார் படிக்கணும்னு எழுதினீங்க? அவரா, உங்க பாஸா?" காது சூடாகிவிட்டது. நண்பனுக்குச் சலுகை காட்டவில்லை என்று நிரூபிக்க நண்பனையே போட்டு மிதித்திருந்தேன்.

மூன்றாவது வரைவுக்கு முன்னால், மாதிரிக்கு இருக்கட்டும் என்று அந்தப் பையனுக்குப் போன வருடம் கொடுத்த கடிதத்தைத் திறந்தேன். "தொடர்ந்து அலட்சியமாக இருந்து வருகிறீர்கள்." மூன்று இரவு எப்படித் தொடர்ந்து ஆகும்? "உங்கள் மனப்பான்மை டீமுக்கு ஏற்றதாக இல்லை." மனப்பான்மையை நான் எங்கே பார்த்தேன்? எந்த மூன்று தேதி என்றே கடிதத்தில் இல்லை. ஃபைல் எப்போது உருவாகி எப்போது சேமிக்கப்பட்டது என்று பார்த்தேன். இருபது நிமிடம். நண்பனுக்கு வார்த்தை வார்த்தையாக ஐந்து நாள் அளந்துகொண்டிருந்த அதே ஆள், அந்தப் பையனுக்கு இருபது நிமிடத்தில் எழுதித் தள்ளியிருக்கிறேன்.

அன்று அதற்கு மேல் எழுத ஓடவில்லை. மறுநாள் காலையில் வந்து, இரண்டு வரைவையும் ஒதுக்கிவிட்டு வெறும் தாளிலிருந்து ஆரம்பித்தேன்.

கடைசியில் கடிதத்தில் என்னதான் எழுதினீர்கள்?

முக்கியமான பத்திகளை அப்படியே தருகிறேன்.

"ஏப்ரல் 3 முதல் 9 வரை ஏழு இரவுகளில் பேக்கப் சரிபார்ப்புப் பட்டியலின் 12 வரிகளையும் 'பார்த்தாயிற்று' என்று குறித்திருக்கிறீர்கள். அந்த இரவுகளில் பேக்கப் சர்வரில் உங்கள் கணக்கிலிருந்து லாகின் எதுவும் பதிவாகவில்லை. பார்க்காமல் குறித்ததை ஏப்ரல் 17 தேதியிட்ட பதிலில் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். இதனால் ஏழு நாள் பேக்கப் இல்லாமல் போனது தெரியவில்லை. கணக்குப் பிரிவு ஒரு வார வேலையை மறுபடி செய்ய வேண்டியிருந்தது."

"இனி ஒவ்வொரு வரிக்கும் எதிரே பார்த்த நேரத்தையும், ஃபைல் இருந்தால் அதன் அளவையும் எழுத வேண்டும். ஏதாவது காரணத்தால் பார்க்க முடியாமல் போனால் 'பார்க்கவில்லை' என்று எழுதுங்கள். அப்படி எழுதியதற்காக நடவடிக்கை இருக்காது."

அதற்குக் கீழே, 2, 6, 12 வாரங்களில் உட்கார்ந்து பார்ப்போம் என்று தேதிகள். இந்த எச்சரிக்கை ஆறு மாதம் நடப்பில் இருக்கும், அதற்குள் இதே தப்பு மறுபடி நடந்தால் இறுதி எச்சரிக்கை வரும் என்று ஒரு வரி. ஏழு நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், யாரிடம் என்று ஒரு வரி. அவ்வளவுதான். நாள் கணக்கெல்லாம் எங்கள் விதிப்படி. இடத்துக்கு இடம் மாறும், உங்கள் விதிப்புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பார்க்கவில்லை என்று எழுதுங்கள்" என்கிற வரிக்குத்தான் எச்ஆரோடு சண்டை போட்டேன். அது சலுகை என்றார்கள். பார்க்காமல் விடுவதைவிடப் பார்த்ததாக எழுதுவதுதான் ஆபத்து என்று வாதாடினேன். வெறும் கட்டமாக வைத்திருந்தால் யாராக இருந்தாலும் ஒரு நாள் பார்க்காமலே டிக் போட்டுவிடுவார்கள். ஃபைலின் அளவை எழுதச் சொன்னால் உள்ளே போய்ப் பார்க்காமல் எழுத முடியாது. கடைசியில் அவனுக்கு மட்டும் என்று இல்லாமல் டீம் முழுவதுக்கும் பட்டியலையே மாற்றினோம்.

இதில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு தொல்லையும் இருந்தது. "நீங்கள்". பதினான்கு வருடத்தில் அவனை நான் "நீங்கள்" என்று சொன்னதே கிடையாது. ஒவ்வொரு முறை "உங்கள்" என்று அடிக்கும்போதும் வேறு யாருக்கோ எழுதுகிற மாதிரி இருந்தது. ஒரு விதத்தில் அது உதவியது என்றும் சொல்ல வேண்டும்.

முன்கூட்டியே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தீர்களா?

மீட்டிங் எப்போது, எதற்கு, கூட ஒருவரை அழைத்து வரலாம் என்பதை முறைப்படி மெயிலில் சொன்னேன். முதல் நாள் ராத்திரி அவன் போன் செய்தான். எடுத்தேன். "என்ன போட்டிருக்க?" என்றான். "நாளைக்குப் பாத்துக்க" என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை, பேசவும் இல்லை.

கொடுக்கும்போது என்ன நடந்தது?

பதினைந்து நிமிடம்தான் ஆனது. சிறிய அறை, மூன்று நாற்காலி. எச்ஆர் அம்மா ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தார். அவன் யாரையும் கூட்டி வரவில்லை. வந்ததும் சாவிக்கொத்தை மேசை மேல் வைத்தான், எப்போதும் அப்படித்தான் வைப்பான். நீலப் பிளாஸ்டிக் வளையம் போட்ட என் வீட்டுச் சாவி மேலாகக் கிடந்தது.

முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். நலம் விசாரித்துவிட்டுக் கடிதத்தை நீட்டுவது கொடுமை. "இது எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை. ஏப்ரல் மூணுல இருந்து ஒன்பது வரைக்குமான செக்லிஸ்ட் பத்தினது. படிச்சுப் பாருங்க" என்றேன். அந்தப் "பாருங்க"வில் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

மெதுவாகப் படித்தான். நான் எதையும் விளக்கவில்லை. படிக்கிறவரிடம் பேச்சுக் கொடுத்தால் நாம்தான் ஆறுதல் தேடுகிறோம் என்று அர்த்தம். படித்து முடித்துவிட்டு, "ஜனவரில படிக்கட்டுல கேட்டியே, அது இதுதானா?" என்றான்.

"ஆமா."

"அப்ப நீ மேனேஜரா கேட்டேனு எனக்குத் தெரியல. ஏதோ கேக்கறேன்னு நினைச்சேன். தெரிஞ்சிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பேன்டா."

எச்ஆர் அம்மாவின் பேனா நின்றது. இதற்கு நான் தயார் செய்திருந்த பதில் எதுவும் இல்லை. "அது என் தப்பு" என்றேன். குறிப்பில் எழுதிக்கொள்ளச் சொன்னேன், எழுதிக்கொண்டார். மேனேஜர் தன் தப்பை அந்த அறையில் ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையாக இருந்தால் ஒப்புக்கொள்ளலாம். அதற்காகக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தேவையில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்துப் பையில் போட்டான். என் சாவியைக் கழற்றி வைப்பான் என்று ஒரு நிமிடம் காத்திருந்தேன். வைக்கவில்லை. கவனித்தானா என்றும் தெரியவில்லை.

கையெழுத்துப் போட மறுத்திருந்தால்?

கையெழுத்து "பெற்றுக்கொண்டேன்" என்பதற்குத்தான். "ஒப்புக்கொள்கிறேன்" என்று அதற்கு அர்த்தம் இல்லை, அதைக் கோட்டுக்குக் கீழேயே அச்சிட்டு வைத்தால் பாதித் தகராறு குறையும். அதற்கும் மறுத்தால், கொடுத்த நேரத்தையும் மறுத்ததையும் சாட்சி எழுதிக் கையெழுத்திட்டால் போதும். வற்புறுத்த வேண்டாம்.

டீமில் மற்றவர்களுக்குத் தெரிந்துவிட்டதா?

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பட்டியல் மாறியது, அவன் முகம் மாறியது, எல்லோரும் ஊகித்துக்கொண்டார்கள். யார் கேட்டாலும் "தனிப்பட்ட ஒருத்தரைப் பத்திப் பேச மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பையனிடம் மட்டும் நானாகப் போனேன், நண்பனைப் பற்றி அல்ல. "போன வருஷம் நான் குடுத்த லெட்டரை மறுபடி படிச்சேன். எச்சரிக்கை சரி, எழுதினவிதம் சரியில்ல. மனப்பான்மைனு எழுதியிருக்கக் கூடாது" என்றேன். அந்த எச்சரிக்கையின் ஆறு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. அவன் போனை எடுத்துத் தேய்த்துத் தேய்த்து ஒரு படத்தைக் காட்டினான். அந்தக் கடிதம்தான். மனப்பான்மை என்ற சொல்லின் கீழே விரலால் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தான். "என்ன சார் அர்த்தம்னு அன்னைக்கு யார்கிட்டக் கேக்கறதுனு தெரியல" என்றான். என் விளக்கத்தை எழுதி அவன் ஃபைலில் பழைய கடிதத்தோடு சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்கள்.

ரிவியூ எப்படிப் போனது?

முதல் இரண்டு வாரத்தில் ஒரு நாள் நான்கு வரிக்கு எதிரே "பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தான். அடுத்து வந்தவர் தன் ஷிப்ட் முடிவதற்கு முன்னாலேயே அந்த நான்கையும் பார்த்துவிட்டார். எனக்கு அன்று வந்த நிம்மதி, எல்லா வரியும் நிரம்பியிருந்த நாட்களில்கூட வரவில்லை. ஆறாம் வாரம் அவனே எச்ஆருக்குப் போய்ப் பேசினான் என்று தெரியும், என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. அடுத்த மாதம் பகல் ஷிப்டுக்கு மாற்றச் சொல்லி எனக்குத் தாள் வந்தது, கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டாம் வாரம் பேச ஒன்றும் இல்லை. அக்டோபரில் எச்சரிக்கை காலாவதியானது. அதையும் கடிதமாகவே கொடுத்தேன், இரண்டு வரி. இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். எச்சரிக்கை மட்டும் தாளில் வந்து, முடிந்தது மட்டும் வாயால் வந்தால் எப்படி?

இப்போதும் நண்பர்கள்தானா?

அந்த ஆறு மாதம் ஆபீசுக்கு வெளியே நாங்கள் ஒரு முறைகூடச் சந்திக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை, அவனும் வரவில்லை. ஆபீசில் எல்லோர் முன்னாலும் "நீங்க" என்று பேசப் பழகினேன், அவனும் பதிலுக்கு "நீங்க" என்றான். இரண்டு பேருக்கும் வாய் கூசியது.

நவம்பரில் ஒரு ராத்திரி சாவியை ஆபீசில் வைத்துவிட்டு வீட்டு வாசலில் வந்து நின்றேன். மாற்றுச் சாவி இருப்பது ஒரே ஓர் இடத்தில். போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கூப்பிட்டேன்.

வந்தான். நீல வளையம் போட்ட சாவியால் கதவைத் திறந்துவிட்டு, விளக்கைப் போட்டான். சாவிக்கொத்தை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு போன் திரையைப் பார்த்தான்.

"பதினொண்ணு அஞ்சு. எழுதிக்கோ" என்றான். "பாத்துட்டுத்தான் சொல்றேன்டா."